ஒன்றரை நிமிட அறிமுகம்

கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் உரையை எழுதித் தரும் வேலை, தமிழ்த் துறையில் இருப்பதாலேயே என்னிடம் வந்து சேர்ந்தது. மேடையில் அதைப் படிப்பது பெரும்பாலும் ஒரு மாணவியோ மாணவரோ. பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். விருந்தினரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வதற்கான இடம் அதுவல்ல என்பதுதான் இதில் நான் உறுதியாக நம்புவது. அடுத்த அரை மணி நேரம் இவர் பேசுவதை ஏன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு அவையோருக்கு ஒரே ஒரு காரணம் தந்தால் போதும். அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். வேறு எந்த விருந்தினருக்கும் பொருந்தாமல், இவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். நம் ஆண்டு விழாக்களின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் வாசிக்கும் ஆண்டறிக்கை, அதன் பிறகே அறிமுகம். அதற்குள் மாணவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மேடைக்குப் பின்னால் நடனமாட வேண்டிய பிள்ளைகள் ஒப்பனையோடு வியர்த்துக்கொண்டிருப்பார்கள். பரிசு வாங்க வந்தவர்களின் பெற்றோர் கடைசிப் பேருந்தை நினைத்துக் கவலைப்படுவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்பது அரசாணை. நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. இரண்டையும் சேர்த்தால் 2 நிமிடம்கூட ஆகாது. அறிமுகம் எந்தக் காரணம் கொண்டும் அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு. ஒன்றரை நிமிடம் என்றால் இன்னும் நல்லது. ஒலிபெருக்கி முன் நின்று, அவசரப்படாமல், வாக்கிய முடிவில் நிறுத்திப் படிக்கும் ஒரு மாணவி நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள் வரை படிப்பாள். ஆகவே என் கையில் இருப்பது ஏறத்தாழ 130 சொற்கள்.

இதை எழுதும் முறையை ஒரு விழாவை வைத்தே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். கால்நடை பராமரிப்புத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பழைய மாணவி. பெயரை இங்கே தவிர்க்கிறேன். முன்னாள் மாணவர் சங்கத்தில் ஒருவர் அவருடைய தன்விவரக் குறிப்பை வாங்கி அனுப்பியிருந்தார். நான்கு பக்கம். வகித்த பதவிகள், கலந்துகொண்ட பயிற்சிகள், உறுப்பினராக இருந்த குழுக்கள், அரிமா சங்கம் முதல் வட்டார அமைப்புகள் வரை கொடுத்த கேடயங்கள் எல்லாம் அதில் இருந்தன.

இப்படி வரும் குறிப்பை நான் முதலில் படிப்பது ரசிப்பதற்காக அல்ல, ஆண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்காக. பெரும்பாலான தன்விவரக் குறிப்புகளை விருந்தினர் தாமே எழுதியிருக்க மாட்டார். வேறொரு விழாவுக்காக யாரோ தட்டச்சு செய்தது, கைமாறிக் கைமாறி வந்து சேரும். அந்த அம்மாவின் குறிப்பில், எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தார் என்றும், 1982இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார் என்றும் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதே 1989இல்தான். அப்படியானால் 1982இல் அதன் பட்டத்தை ஒருவர் பெற்றிருக்க முடியாது. அவர் படித்தது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. அது 1903 முதல் இருக்கிறது, பல்கலைக்கழகம் பின்னால் வந்தது. பி.எஸ்சி. என்பதும் இடித்தது. பி.எஸ்சி. முடித்துவிட்டுப் போய், ஐந்தாண்டு கால்நடை மருத்துவமும் படித்து, 1982இல் வெளியே வர அவருடைய வயது இடம் தரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 1976இல் புகுமுக வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பிளஸ் டூ வருவதற்கு முன், பதினோராம் வகுப்புக்குப் பிறகு கல்லூரியிலேயே ஓராண்டு படித்த பி.யு.சி. அது. எங்களிடம் அவர் படித்தது அந்த ஒரே ஓராண்டு.

இந்தத் திருத்தத்தால் அவருடைய பெருமை எதுவும் குறையவில்லை. மாறாக, அறிமுகத்துக்கு உயிர் கிடைத்தது. "எங்கள் முன்னாள் மாணவி" என்று சொல்வதைவிட, "1976இல் இந்தக் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு படித்தவர்" என்று சொன்னால் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும். துல்லியமான தகவலில் தானாகவே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. பெயரடைகளை அடுக்கி அந்த நெருக்கத்தைக் கொண்டுவர முடியாது.

அடுத்து தொலைபேசி. இதை நான் ஒருபோதும் விடுவதில்லை, எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரானாலும் சரி. உதவியாளர் மூலம் கேட்டாவது பத்து நிமிடம் நேரடியாகப் பேச வாங்கிவிடுவேன். கேட்பவை சிலதான். உங்களை மேடையில் எப்படி அழைக்க வேண்டும், முதலெழுத்து என்ன, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறீர்கள், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விருந்தினர் தம் பேச்சில் சொல்ல வைத்திருக்கும் நிகழ்ச்சியை அறிமுகம் செய்பவர் முன்னதாகவே சொல்லிவிட்டால், அவர் எழுந்து நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் மேடையிலேயே ஒருவருக்கு இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தாம் ஏழு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போன கதையைத் தொடங்கியபோது அவை ஏற்கெனவே அதற்குக் கைதட்டி முடித்திருந்தது.

அந்த அம்மாவிடம் பேசியபோது நான் குறிப்பாகக் கேட்டது ஒரு வரியைப் பற்றி. "இந்தியாவில் வெக்கை நோயை ஒழித்ததில் முக்கியப் பங்காற்றியவர்" என்று குறிப்பில் இருந்தது. "முக்கியப் பங்கு" என்ற சொற்களைப் பார்த்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அதற்குள் ஒரு வேலை ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். "அம்மா, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், காலையில் எழுந்தால் எங்கே போவீர்கள், என்ன பார்ப்பீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சார், வெக்கையை நான் ஒழிக்கலை. அதுக்கு முன்னாடி எத்தனையோ பேர் தடுப்பூசி போட்டு ஓய்ஞ்சு போயிருந்தாங்க. நாங்க பண்ணினது தேடுற வேலை. ஊர் ஊரா போய், நோய் இல்லைன்னு பார்த்து எழுதணும். வாயில புண்ணு, கண்ணுல தண்ணி, கழிச்சல்னு எந்த மாட்டைப் பத்திச் சொன்னாலும் ஓடிப்போய்ப் பார்க்கணும். ஒண்ணும் இல்லைன்னு எழுதுறதுக்குத்தான் அவ்வளவு அலைச்சல்" என்றார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வெக்கை நோய் என்று கரிசல் காட்டில் சொன்னால் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும், ரிண்டர்பெஸ்ட் என்பது அதன் ஆங்கிலப் பெயர். இந்தியாவில் 1992இல் அதற்கென்றே தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1995க்குப் பிறகு இங்கே நோய் காணப்படவில்லை. ஆனால் காணப்படவில்லை என்று சொன்னால் உலக அமைப்புகள் ஒப்புக்கொள்ளாது. தடுப்பூசியை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கணக்கில் தேடி, இல்லை என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 2011இல் உலகம் முழுவதும் அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முழுமையாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். இவ்வளவு பெரிய செய்தியில் எங்கள் பழைய மாணவி ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியை அதன் உண்மையான அளவிலேயே சொன்னால் போதும், அதற்கு மேல் ஊத வேண்டியதில்லை. "ஒழித்தவர்" என்று மேடையில் சொல்லியிருந்தால், விஷயம் தெரிந்த ஒருவர் அவையில் இருந்தால் அவருக்குச் சங்கடம், விருந்தினருக்கு அதைவிடச் சங்கடம். எழுந்து நின்று மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

நான்கு பக்கத்தில் மீதி இருந்தவற்றை என்ன செய்தேன் என்று கேட்கலாம். விட்டுவிட்டேன். கேடயங்கள், குழுக்கள், பயிற்சிகள் எதுவும் அறிமுகத்துக்குள் வரவில்லை. ஒரு வேலை, கல்லூரியோடு ஒரு தொடர்பு, படிப்பு ஒன்று, கடைசியாக வகித்த பதவி ஒன்று, இப்போது செய்வது ஒன்று. இவ்வளவையும் இப்படிக் கோத்தேன். பெயர் வரும் இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.

"இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் யாரும் வெக்கை நோய் வந்த மாட்டைப் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாளில் தொழுவமே காலியாகும். நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த நோய் தெரியும். இந்தியாவில் 1995க்குப் பிறகு அது இல்லை. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

ஒரு நோய் இல்லை என்று அறிவிக்க, யாராவது ஊர் ஊராகப் போய்த் தேடிப் பார்த்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தின் தொழுவங்களில் அப்படித் தேடிய கால்நடை மருத்துவர்களில் ஒருவர் இன்று நம் மேடையில் இருக்கிறார்.

1976இல் இந்தக் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு படித்தவர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். கால்நடை பராமரிப்புத் துறையின் இணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். இப்போது தம் சொந்த ஊரில் ஆடு வளர்க்கும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆலோசனை சொல்கிறார்.

நம் கல்லூரியின் மகளாகத் திரும்பி வந்திருக்கும் டாக்டர் … அவர்களைச் சிறப்புரையாற்ற அன்போடு அழைக்கிறோம்."

இதில் சிலவற்றைக் கவனிக்கலாம். பெயர் கடைசியில் வருகிறது. பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழும், அந்தக் கைதட்டலோடு அவர் எழுந்து ஒலிபெருக்கிக்கு வந்துவிடலாம். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் எப்போது எழுவது என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். இதற்கு ஒரு விலையும் உண்டு. அழைப்பிதழிலும் பதாகையிலும் பெயர் இருப்பதால்தான் கடைசிவரை பெயரைச் சொல்லாமல் இருக்க முடிகிறது. அவை அறியாத ஒருவரானால், அல்லது மேடையில் ஒரே மாதிரிப் பதவியுள்ள இரண்டு விருந்தினர் இருந்தால், முதல் வாக்கியத்திலேயே பெயரைச் சொல்லி, கடைசியில் மறுபடி ஒருமுறை சொல்வேன்.

இன்னொன்று, "இமயம்", "ஆலமரம்", "பல்துறை வித்தகர்" போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. இவற்றை எவர் பெயரோடும் ஒட்டலாம், அதனால்தான் அவற்றை நான் தொடுவதில்லை. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்வேன். விருந்தினரின் பெயரை எடுத்துவிட்டு, சென்ற ஆண்டு வந்தவரின் பெயரை அங்கே போட்டுப் படிப்பேன். எந்த வாக்கியம் அப்போதும் சரியாகப் பொருந்துகிறதோ அதை அடித்துவிடுவேன். மேலே உள்ள உரையில் அப்படி மிஞ்சுவது கடைசி வாக்கியத்தின் அழைப்பு மட்டும்தான். அது மரபு, இருக்கட்டும்.

வரைவை விருந்தினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அடுத்த படி. அனுப்பும்போது "பிடித்திருக்கிறதா" என்று கேட்பதில்லை. "பெயர், ஆண்டு, பதவி ஆகியவற்றில் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்பேன். கேள்வியை இப்படி வைத்தால் பெரும்பாலோர் ஒரு மணி நேரத்தில் திருத்தி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அம்மா ஒரே ஒரு சொல்லை மாற்றினார். நான் "சிகிச்சை அளிக்கிறார்" என்று எழுதியிருந்த இடத்தில் "ஆலோசனை சொல்கிறார்" என்று போடச் சொன்னார். இப்போது தாம் ஊசி போடுவதில்லை, அது அரசு மருத்துவமனையின் வேலை என்றார். சிலர் பதினைந்து விருதுகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களோடு வாதாடுவதில்லை. அந்தப் பட்டியலை விழா மலரில் அவருடைய படத்தோடு முழுமையாக அச்சிட ஏற்பாடு செய்துவிட்டு, அதை அவருக்கும் சொல்லிவிடுவேன். மேடையில் இல்லாவிட்டாலும் அச்சில் வருகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு மனநிறைவு, படிக்க விரும்புபவர்களுக்கும் அது பயன்படும்.

விருதுகள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதிகம் பிழை நடக்கும் இடம் அது. பத்ம விருது பெற்ற ஒருவர் வந்தால் அழைப்பிதழில் "பத்மஸ்ரீ" என்று பெயருக்கு முன்னால் அச்சடிப்பது நம் வழக்கமாகிவிட்டது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை நீக்கிவிட்டது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே அவற்றைப் பெயரோடு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ போடக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று வாக்கியத்துக்குள் சொல்வதில் தவறில்லை, அதுவே சரியான முறை. சாகித்திய அகாதெமியும் இப்படித்தான். அதன் முதன்மை விருது, மொழிபெயர்ப்பு விருது, சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய விருது, இளையோருக்கான யுவ விருது எல்லாம் வெவ்வேறு. மொழிபெயர்ப்புக்காகப் பெற்றவரை வெறுமனே "சாகித்திய அகாதெமி விருதாளர்" என்று அறிமுகப்படுத்தினால் அவர் பல ஆண்டுகள் உழைத்த துறையே மறைந்துபோகிறது. எந்த விருது, எந்த ஆண்டு, எதற்காக என்று மூன்றும் தெரிந்தால் சொல்வேன். ஒன்று உறுதியாகாவிட்டாலும் அந்த விருதையே விட்டுவிடுவேன்.

நல்ல அறிமுகத்தை எழுதிய பிறகும் அதைக் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு. நம் மேடைகளில் விருந்தினரின் விவரத்தை மூன்று பேர் சொல்கிறார்கள். வரவேற்புரை ஆற்றுபவர் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக வரவேற்கும்போது குறிப்பிலிருந்து பாதியைப் படித்துவிடுவார். பிறகு அறிமுகம். பிறகு வாழ்த்துரை வழங்கும் நிர்வாகக் குழு உறுப்பினர் மறுபடியும் அதையே தொடுவார். ஒரே நான்கு பக்கம் மூவர் கையிலும் போனால் இப்படித்தான் ஆகும். ஆகவே அந்த ஆண்டு முதல் தன்விவரக் குறிப்பை நான் யாருக்கும் அப்படியே கொடுப்பதில்லை. வரவேற்புரை ஆற்றும் துறைத் தலைவரிடம் பெயரும் பதவியும் மட்டும் உள்ள ஒரு வரியைக் கொடுத்து, "சார், மீதியை அந்தப் பொண்ணு சொல்லப் போகுது, அவளுக்கு விட்டுவைங்க" என்று கேட்டுக்கொள்வேன். மாணவிக்காகக் கேட்கிறேன் என்றால் எவரும் மறுப்பதில்லை. வாழ்த்துரைக்கு அந்த அம்மாவின் புகுமுக வகுப்புக் காலத்துக் கல்லூரி எப்படி இருந்தது என்ற தகவல்களைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். அவருக்கும் புதிதாகச் சொல்ல ஒன்று கிடைத்தது.

படிக்கப் போகும் மாணவி வேதியியல் இரண்டாம் ஆண்டு. முதல் ஒத்திகையில் "புகுமுக வகுப்பு" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுமாறினாள். "ஐயா, இது என்ன வகுப்புங்க?" என்று கேட்டாள். சொல்லிப் புரியவைத்ததும் தடுமாற்றம் போய்விட்டது. பொருள் தெரியாத சொல்லில்தான் நாக்கு இடறுகிறது, அதனால் உச்சரிப்பைத் திருத்துவதற்கு முன் பொருளைச் சொல்லிவிடுவது நல்லது. பொருள் சொல்லியும் இடறினால் சொல்லை மாற்றிவிட வேண்டும். "கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்" என்று முதலில் இருந்தது. ஒரே மூச்சில் அவளால் முடிக்க முடியவில்லை. "மண்டல" என்பதையும் "பணியாற்றி" என்பதையும் எடுத்தேன். கைபேசியில் நேரம் பார்த்தபோது 1 நிமிடம் 35 விநாடி வந்தது. மேடையில் கைதட்டலும் பதற்றமும் சேர்ந்து பத்து விநாடி கூடும், அதுவும் வரம்புக்குள்தான்.

தாளில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், நான் 18 அளவில் அச்சடிப்பேன். ஒரு பக்கம் மட்டும், வரிகளுக்கு நடுவே தாராளமான இடம், வாக்கியம் பக்கத்தின் அடியில் உடையாமல். ஆண்டுகளை எண்ணால் எழுதாமல் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில்" என்று எழுத்தால் எழுதிக் கொடுப்பேன். எண்ணாக இருந்தால் பதற்றத்தில் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாக வந்துவிடும். மடித்து வைத்த தாள் மேடை விசிறிக் காற்றில் பறக்கும் என்பதால் ஒரு கெட்டி அட்டையில் ஒட்டிவிடுவோம். கைபேசியைப் பார்த்துப் படிக்க விடுவதில்லை. நடுவில் ஓர் அழைப்பு வந்தால் திரை மாறிவிடும்.

விழா நாளன்று, விருந்தினர் முதல்வர் அறையில் காபி குடிக்கும்போது, அறிமுகம் செய்யும் மாணவியை அங்கே அழைத்துப் போய்ச் சந்திக்க வைப்பேன். இரண்டு நிமிடம் போதும். அந்த அம்மா அவளிடம் எந்த ஊர், வீட்டில் மாடு உண்டா என்று விசாரித்தார். மேடையில் அவள் "நம் மேடையில் இருக்கிறார்" என்று சொன்னபோது தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே பேசிப் பழகிய ஒருவரைப் பற்றிப் பேசுவதால் தானாக வந்தது.

விருந்தினரே கடைசி நேரத்தில் மாறிவிடுவதும் உண்டு. ரயில் தாமதம், உடல்நலம், திடீர் அலுவல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பதிலுக்கு வருபவரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில், அவர் காரிலிருந்து இறங்கியதும் இரண்டே கேள்விகள் கேட்பேன். உங்களை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும், எந்த வேலையைச் செய்ததில் உங்களுக்கு நிறைவு. முதல் பதிலிலிருந்து ஒரு வாக்கியம், இரண்டாவதிலிருந்து இரண்டு வாக்கியம், பிறகு பெயர். அரை நிமிட அறிமுகம்தான் வரும். இணையத்தில் அவசரமாகத் தேடி எதையும் சேர்ப்பதில்லை, அதே பெயரில் இன்னொருவர் இருப்பார்.

விழா முடிந்ததும் திருத்திய அறிமுகத்தின் ஒரு பிரதியை மலர்க்குழுவுக்கும், நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்பும் பேராசிரியருக்கும் கொடுத்துவிடுகிறேன். பழைய நான்கு பக்கக் குறிப்பு அவர்கள் கையில் இருந்தால் 1982இல் இல்லாத பல்கலைக்கழகத்தின் பட்டம் மறுபடியும் அச்சில் ஏறிவிடும். முன்னாள் மாணவர் சங்கக் கோப்பிலும் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த விவரத்தை வைத்தோம். அந்த அம்மாவுக்கும் ஒரு படி அனுப்பினேன். அடுத்து எங்கேனும் அழைத்தால் இதையே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார்.